வளவில் வைத்து வாங்கும் கையெழுத்து சம்மதம் ஆகாது

பெரியப்பா ஆய்வுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார், பின்னாலேயே வீடு மொத்தமும் போட்டது என்றால் அதற்குப் பெயர் சம்மதம் இல்லை. காரைக்குடிப் பக்கம் ஒரு குடும்பத்தில் பலருக்கு இதயத்தசை நோய் இருக்கிறது, காரணம் தேடும் மரபணு ஆய்வில் எல்லோரும் சேருகிறார்கள் என்று வையுங்கள். வீட்டின் நடுவில் எல்லோரும் கூடும் வளவில் அப்பத்தா பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த மருமகள் "எனக்கு வேண்டாம்" என்பாள்? குடும்பத்தலைவரோ ஊர்ப் பெரியவரோ சரி என்றாலும் தனித்தனிச் சம்மதம் வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள். அதைத் தனியாக உட்காரவைத்து, ரத்தம் எடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார்? அந்த வீட்டின் 25 வயது மகள், தேடாத நோய் ஏதாவது தெரியவந்தால் சொல்லச் சொல்லிப் படிவத்தில் குறித்திருக்கிறாள். அவள் அம்மா தனக்கு வேண்டாம் என்று குறித்திருக்கிறார். மகளின் பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவில் மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் மாற்றம் தெரிகிறது. அப்பாவிடம் அது இல்லை. அப்படியென்றால் அநேகமாக அம்மாவிடமிருந்துதான் வந்திருக்கும். மகளிடம் சொன்ன அன்றே அம்மாவுக்கும் சொன்ன மாதிரிதான்.

மகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. அது அவள் உடம்பு, அவள் கேட்டிருக்கிறாள். ஆனால் முதலில் புதிதாக ரத்தம் எடுத்து நோயறி பரிசோதனைக்கூடத்தில் உறுதி செய்ய வேண்டும். ஆய்வுக்கூடத்தில் குழாய் மாறிப்போவதும் நடக்கும். அம்மாவிடம் தொடக்கத்திலேயே, "உங்கள் பிள்ளைக்கு முடிவைச் சொன்னால் அதிலிருந்து உங்களுடையதும் தெரிந்துவிடலாம், பரவாயில்லையா?" என்று கேட்டிருக்க வேண்டும். முடிவு வந்தபிறகு அவரை மட்டும் கூப்பிட்டு "மனசு மாறியிருக்கிறதா?" என்றால் அந்தக் கேள்வியே விஷயத்தைச் சொல்லிவிடும். மறுபடி கேட்பதாக இருந்தால் சேர்ந்த எல்லோரிடமும் ஒரே சமயத்தில் கேட்க வேண்டும். அம்மாவுக்கும் பரிசோதனையால் பலன் கிடைக்கலாம் என்பதால் எனக்கும் மனசு அடித்துக்கொள்ளும். ஆனாலும் வேண்டாம் என்றவரிடம் ஆய்வுக்குழு போய்ச் சொல்லக்கூடாது.

இன்னொன்று. மாதிரிகள் கலந்துவிடவில்லையே என்று பார்க்க, யார் யாருக்குப் பிள்ளை என்பதையும் கணினியில் சரிபார்ப்பார்கள். பிள்ளை கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது, நம் பக்கம் சகஜம்தான், ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தச் சரிபார்ப்பு நடக்கும், முடிவை யாருக்கும் சொல்ல மாட்டோம் என்று படிவத்திலேயே எழுத வேண்டும்.

அப்புறம் அந்தரங்கம். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்கிறார்கள். நகரத்தார் என்றும், கோயில், ஊர், நோய் இன்னது என்றும் போட்டு, மூன்று அண்ணன் தம்பி, நடுவில் உள்ளவர் 40 வயதில் இறந்தார் என்று வம்சப்படமும் வரைந்தால், அது எந்த வீடு என்று பங்காளிகள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். ஆகவே அந்தப் படத்தை வெளியிடத் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும். வெளியே பகிர்ந்துவிட்ட தரவைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும். பெண் பார்க்கிற வீட்டில் அந்தப் படம் யார் போனில் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?