"பொருந்துகிறது" என்ற சொல்லை மொழிபெயர்த்தவனின் கருத்து

"துவக்கையும் பிடித்தாயிற்று, சன்னத்தையும் எடுத்தாயிற்று, இனி விசாரிக்க என்ன இருக்கிறது?" என்று, தோட்டத்தில் ஒரு சூட்டுச் சம்பவம் நடந்த மறுநாளே லயத்து வாசலில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். மலையக நீதிமன்றங்களில் பல வருடங்கள் உரைபெயர்ப்பாளராக நின்றவன் என்ற முறையில், அந்தத் தீர்ப்பில் எனக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். பகுப்பாய்வாளரின் அறிக்கையில் வேறு வேறு அளவு உறுதியோடு எழுதப்பட்டிருந்த கருத்துகளையெல்லாம் நான் "பொருந்துகிறது" என்ற ஒரே சொல்லால் தமிழாக்கி வந்தேன்.

எங்கள் பகுதியில் அதிகம் புழங்குவது பன்றிக்கு வைக்கும் கட்டுத்துவக்கும் பன்னிரண்டு போர் வேட்டைத் துவக்கும்தான். இரண்டின் குழாயும் உட்புறம் வழவழப்பானவை. ரைபிள், பிஸ்டல் குழாய்களின் உள்ளே சுருளாக ஓடும் பள்ளங்கள் இருப்பதால்தான் அவற்றின் சன்னத்தில் கீறல்கள் விழுகின்றன. வேட்டைத் துவக்கில் அவை இல்லை. போதாததற்கு, இக்காலத் தோட்டாக்கள் பலவற்றில் சிறு ஈயக் குண்டுகள் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் அமர்ந்தபடியே வெளியேறுவதால், குழாயைப் பெரும்பாலும் தொடுவதுமில்லை. ஆகவே உடலிலிருந்து எடுத்த குண்டு தன் அளவைச் சொல்லுமே தவிர, எந்தத் துவக்கிலிருந்து வந்தது என்பதைச் சொல்லாது. ஒப்பிடக் கிடைப்பது வெற்றுக்கோது மட்டுமே: அதன் அடியில் ஊசி குத்திய பள்ளமும், வெடித்த வேகத்தில் கோது பின்னால் மோதி வாங்கிய உலோகத் தழும்பும். ஆனால் மடித்துத் திறக்கும் வேட்டைத் துவக்கு, சுட்டவன் அதைத் திறக்கும்வரை கோதை வெளியே விடாது. ஒரே வெடியோடு ஓடியவன் கோதையும் கொண்டே போயிருப்பான். அப்படியான வழக்கில் சம்பவ இடத்தில் கோது கிடைத்ததாகச் சொன்னால், அது எங்கே, எப்போது, யார் கையால் எடுக்கப்பட்டது என்பதே என் முதல் கேள்வியாக இருக்கும். வாய்ப்பக்கமாக மருந்து இடிக்கும் கட்டுத்துவக்கிலோ கோது என்ற ஒன்றே கிடையாது.

ரீ-56 போன்ற ரைபிள் என்றால் கதை வேறு. ஆனாலும் அவசரப்படக் கூடாது. அதன் குழாயில் நான்கு பள்ளங்கள் வலப்பக்கமாகச் சுற்றும். சன்னத்தில் அதே தடம் இருந்தால் அது நாட்டிலுள்ள அத்தனை ரீ-56க்கும் பொருந்தும். குறிப்பிட்ட துவக்கைச் சொல்ல வேண்டுமானால், அந்தப் பள்ளங்களுக்குள் தேய்மானமும் துருவும் வெட்டுக்கருவியும் விட்ட நுண்கீறல்களைப் பார்க்க வேண்டும். ஆய்வாளர் அந்தத் துவக்கால் தண்ணீர்த் தொட்டிக்குள் பல முறை சுட்டு, அச்சன்னங்கள் முதலில் தங்களுக்குள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே, ஒப்பீட்டு நுணுக்குக்காட்டியில் அவற்றை வழக்குச் சன்னத்தோடு அருகருகே வைப்பார். எத்தனை கீறல் ஒத்தால் போதும் என்பதற்குப் பொதுவில் ஒரு எண் கிடையாது. "போதிய அளவு" என்பது அவருடைய பயிற்சியும் கண்ணும் சொல்லும் முடிவு. அடுத்தடுத்துச் செய்த குழாய்களில் ஒரே வெட்டுக்கருவி ஒரே மாதிரித் தடத்தை விட்டிருந்தால், தேர்ந்த கண்ணும் ஏமாறலாம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து அந்தோனி ரே ஹின்டனின் வழக்கே போதும். 1985இல் மூன்று சம்பவங்களில் எடுத்த ஆறு சன்னங்களும் அவருடைய தாயின் வீட்டில் கிடைத்த ஒரே .38 ரிவோல்வரிலிருந்து வந்தவை என்று அரச தரப்பு ஆய்வாளர்கள் சொன்னார்கள். அவரைக் குற்றத்தோடு கட்டிய பௌதிகச் சான்று அது மட்டுமே. அவருடைய சட்டத்தரணி, சட்டம் தரும் பணம் 1,000 டொலர்தான் என்று தவறாக எண்ணி, அந்தப் பணத்துக்குக் கிடைத்த, ஒரு கண் மட்டுமே தெரிந்த நிபுணரை அழைத்தார். பின்னாளில் மூன்று நிபுணர்கள் பார்த்தபோது, அச்சன்னங்கள் அந்த ரிவோல்வரிலிருந்து வந்தவை என்று சொல்ல முடியவில்லை. 2015இல் விடுதலையானபோது, அவர் மரண தண்டனைக் கைதியாக ஏறத்தாழ முப்பது வருடங்களைக் கழித்திருந்தார்.

"ஆய்வாளர்கள் தவறுவது நூற்றுக்கு ஒன்றுதானே" என்று சிலர் சொல்வதுண்டு. அந்த எண் 2014இல் வெளியான ஒரு சோதனையிலிருந்து வருகிறது. வேறு வேறு துவக்குகளின் கோதுகளை ஒப்பிட்ட 2,178 தடவைகளில் 22 முறை "ஒன்றே" என்று தவறாகச் சொல்லப்பட்டது உண்மைதான். ஆனால் 735 முறை "முடிவு சொல்ல இயலாது" என்று விடப்பட்டது. முடிவு சொன்னவற்றை மட்டும் எண்ணினால், தவறு 66க்கு ஒன்று. எந்த எண்ணைச் சொல்வது என்பது கணக்குப் போடுபவரின் தெரிவு. அதைக் கேட்கும் நீதிமன்றத்துக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

2023இல் மேரிலன்ட் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டையே பிடித்துக்கொண்டது. தடங்கள் அந்தத் துவக்கோடு முரண்படவில்லை என்று நிபுணர் சொல்லலாம். அந்தத் துவக்கிலிருந்துதான் வந்தது என்று அந்த வழக்கில் நிபந்தனையின்றிச் சொல்லியிருக்கக் கூடாது என்றது. என் பங்குக்கு நானும் சொல்லை மாற்றிக்கொண்டேன். அறிக்கை அவ்வளவே சொல்லும் இடத்தில், "பொருந்துகிறது" என்று எழுதாமல் "இந்தத் துவக்கை விலக்க முடியவில்லை" என்று எழுதுகிறேன். வாக்கியம் நீண்டுவிட்டது என்று ஒரு சட்டத்தரணி சலித்துக்கொண்டார். அவருக்கும் ஆங்கில மூலத்தை எடுத்துக் காட்டினேன்.