‘லைசென்ஸ்’ என்று தலைப்பிட்டால் போதுமா?

“வீட்டில் தங்க வெறும் அனுமதி மட்டுமே தரும் லைசென்ஸ் என்று எழுதி, வாடகைச் சட்டப் பாதுகாப்பு கிடையாது என்றும் கையெழுத்து வாங்கிவிட்டால், குடியிருப்பவருக்கு என்ன உரிமை மிஞ்சும்?”

இங்கிலாந்தில் வாரம் 37 பவுண்டுக்கு இரண்டு அறைகளில் குடியேறிய ஒரு பெண் அப்படித்தான் கையெழுத்திட்டார். ஆனாலும் அவர் வாடகைதாரரே என்று 1985இல் ‘ஸ்ட்ரீட் எதிர் மவுண்ட்ஃபோர்டு’ வழக்கில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் செயல்பட்ட பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. உரிமையாளர் உட்பட எவரையும் உள்ளே விடாமல் தடுக்கக்கூடிய தனி அனுபோகம், வரையறுத்த காலம், வாடகை ஆகிய மூன்றும் அங்கே இருந்தன. மீட்டர் பார்க்கவும் பழுது பார்க்கவும் உள்ளே வரலாம் என்று உரிமையாளர் எழுதி வைத்திருந்த பிரிவே அவருக்கு எதிராகத் திரும்பியது, ஏனெனில் அறைகள் அவருடைய ஆளுகையிலேயே இருந்திருந்தால் அத்தகைய அனுமதி தேவைப்பட்டிருக்காது (என் பார்வையில் தீர்ப்பின் மிகக் கூர்மையான பகுதி இதுவே). மாறாக, அறையைச் சுத்தம் செய்வது, படுக்கை விரிப்பு மாற்றுவது போன்ற பணிகளுக்காக உரிமையாளர் தடையின்றி வந்துபோக வேண்டிய ஏற்பாடு உண்மையிலேயே நடைமுறையில் இருந்தால், அங்கே தங்குபவர் லைசென்ஸ் பெற்றவர் மட்டுமே.