இரங்கலை எழுதி அனுப்புவதா, பேசி அனுப்புவதா?

துக்கத்தில் இருப்பவருக்கு வாய்ஸ் நோட் அனுப்பினால்தான் பாசம் தெரியும், டைப் பண்ணி அனுப்பினால் கடமைக்குச் செய்ததுபோல் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். எல்லாச் சாவுக்கும் இது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. சில இழப்புகளில் முதலில் போக வேண்டியது எழுத்துதான். குரல் பிறகு போகலாம், அதுவும் அவரைக் கேட்டுக்கொண்டு.

வயிற்றிலேயே குழந்தை இறந்துபோன ஒரு தோழியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் மாதம். பெயர்கூட யோசித்து வைத்திருந்தார்கள். இப்போது ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கிறாள். அறையில் மாமியார், நர்ஸ், பக்கத்துப் படுக்கைக்காரரைப் பார்க்க வந்தவர்கள். போனைக் காதில் வைக்காமல் வாய்ஸ் நோட்டைத் தட்டினால் அது ஸ்பீக்கரில் ஓடும். நீங்கள் அவளுக்கென்று சொன்னதை அறையே கேட்கும். இயர்போன் தேடி எடுக்கிற நிலையில் அவள் இல்லை. சரி, அப்புறம் கேட்கலாம் என்று விட்டால், ஒரு நிமிடம் நாற்பது நொடி என்று மட்டும் திரையில் நிற்கும். உள்ளே ஆறுதல் இருக்கிறதா, "எப்படிடி ஆச்சு?" என்ற கேள்வி இருக்கிறதா என்று திறக்காமல் தெரியாது. எழுத்தென்றால் நோட்டிபிகேஷனிலேயே முதல் வரி தெரிந்துவிடும். படிக்கலாமா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யலாம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் ப்ளூ டிக்கை அணைத்து வைக்க முடியும். ஆனால் வாய்ஸ் நோட்டைக் கேட்டுவிட்டதைக் காட்டும் நீல நிற மைக்கை அணைக்க வழியே இல்லை. கேட்ட நொடியே அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். கேட்டுட்டா, இன்னும் பதில் இல்லையே என்று நீங்கள் நினைக்காமலே இருக்கலாம். நினைப்பீர்களோ என்ற பயம் அவளுக்கு இருக்கும். பதில் சொல்லத் தெம்பில்லாதவளுக்கு அது வேண்டாத பாரம்.

அனுப்புகிறவர் பக்கமும் சிக்கல் இருக்கிறது. மைக்கை அழுத்திப் பேசத் தொடங்கினால் நமக்கு மௌனம் தாங்காது. இடைவெளி விழுந்த இடத்தில் வாய் தானாக ஏதாவது சொல்லும். "கவலைப்படாதே, அடுத்தது நல்லபடியாப் பிறக்கும்" என்பது பெரும்பாலும் அப்படித்தான் வந்து விழுகிறது. போன குழந்தைக்கு வரப்போகும் குழந்தை ஈடாகாது. எழுதும்போது அந்த வரியைப் பார்க்கிறோம், அழிக்கிறோம். நாமே அழுதுகொண்டு பேசி அனுப்பினாலோ, அவள் நம்மைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

அப்படியானால் என்ன எழுதுவது? நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"உன்னையே நினைச்சுக்கிட்டு இருக்கேன். உன் குழந்தைக்காக நானும் அழறேன். என்ன சொல்றதுன்னு தெரியல. இதுக்கு நீ பதில் போட வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பாடு கொண்டுவந்து வாசல்ல வச்சுட்டுப் போறேன், கதவைத் திறக்கணும்னு இல்ல. வேண்டாம்னா ஒரு வார்த்தை போடு, போதும்."

முதல் வரியில் இழப்பைச் சொல்லவில்லை, கவனியுங்கள். போன் மேசையில் கிடக்கும்போது திரையில் முதலில் தெரிகிற வரி அதுதான். யார் கண்ணிலும் படலாம். இரண்டாவது வரியில் "உன் குழந்தை" என்று சொல்லியாக வேண்டும். "நடந்ததைக் கேட்டு வருந்துகிறேன்" என்று பொதுவாகப் போட்டால், அப்படியொரு பிள்ளை இருந்ததையே நாம் ஒப்புக்கொள்ளாததுபோல் ஆகிவிடும். பெயர் வைத்திருந்ததை அவளே உங்களிடம் சொல்லியிருந்தால் அந்தப் பெயரையே எழுதுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பதையும் தவிர்த்திருக்கிறேன். கேட்கிற வேலையை அவள் தலையில் கட்டுகிற வரி அது.

இவ்வளவு சொன்னாலும் குரலுக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர், பார்வை மங்கியவர் என்றால் குரல்தான் சரி. நம் குரலைக் கேட்டே வளர்ந்த தங்கை, தினமும் பேசுகிற சிநேகிதி என்றாலும் சில நாள் கழித்து, "பேசி அனுப்பட்டுமா?" என்று ஒரு வரி கேட்டுவிட்டு அனுப்பலாம். அரை நிமிடம் போதும். அனுப்புமுன் ஒருமுறை போட்டுக் கேளுங்கள், ரெக்கார்டிங்கை நிறுத்திக் கேட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஒரே மூச்சில் நாலு நோட் போடாதீர்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடும், நடுவில் அவள் மூச்சு விட இடம் இருக்காது.

அவள் கணவனுக்கும் தனியாக எழுதுங்கள். பெரும்பாலும் அவனுக்கு வருவதெல்லாம் "அவ எப்படி இருக்கா?" என்ற கேள்விதான். பில் கட்டி, உறவினர் போன்களுக்கெல்லாம் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பவன் அவன். இழந்தது அவன் பிள்ளையும்தான். "உன் பிள்ளைக்காக வருத்தப்படறேன்டா. நீ எப்படி இருக்கேன்னு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லு" என்று அவனுக்கென்று இரண்டு வரி.