கோத்தபய சிங்கப்பூரில் இருந்தபோது ஏன் கைதாகவில்லை?

பிரிக்ஃபீல்ட்ஸில் இந்தப் பேச்சு வந்தால் பாதிப்பேர் "அதிபருக்கு விலக்குரிமை உண்டே" என்று முடித்துவிடுகிறார்கள். அது பாதிதான் சரி.

கோத்தபய ராஜபக்ச 2022 ஜூலை 13 அன்று மாலைத்தீவுக்குப் போனபோது பதவியில் இருந்தார். பதவியில் இருக்கும் நாட்டுத்தலைவரை வெளிநாட்டு நீதிமன்றம் தொட முடியாது. குற்றம் எவ்வளவு பெரிதானாலும் சரி. காங்கோவின் வெளியுறவு அமைச்சர் மீது பெல்ஜியம் பிறப்பித்த பிடி ஆணையே சட்டமீறல் என்று 2002-இல் அனைத்துலக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவரைக் கைது செய்யக்கூட இல்லை, ஆணை போட்டதே தவறு.

மறுநாள் சிங்கப்பூர் போய், அங்கிருந்து மின்னஞ்சலில் பதவி விலகினார். அந்த முழுக்கவசம் அதோடு போயிற்று. மிஞ்சியது, அரசு அதிகாரியாகச் செய்த செயல்களுக்கான பாதுகாப்பு மட்டும். 2009-இல் அவர் பாதுகாப்புச் செயலாளர் என்பதால், போர்க்காலக் குற்றச்சாட்டுகளுக்கு (அவர் மறுக்கிறார்) அந்தப் பாதுகாப்பைத்தான் அவரது வழக்கறிஞர்கள் காட்டியிருப்பார்கள்.

அதை உடைக்க முடியும் என்பதற்கு, சிலியின் முன்னாள் அதிபர் பினோசேயை ஸ்பெயின் கேட்டு பிரிட்டன் பிடித்த வழக்கு சாட்சி. ஆனால் 1999 மார்ச்சில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை அவரது விலக்குரிமையை மறுத்தது எதை வைத்து? சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையை வைத்து. சிலி, ஸ்பெயின், பிரிட்டன் மூன்றும் அதில் இணைந்திருந்தன. அதனால்தான் பிரிட்டன் இணைந்த 1988 டிசம்பர் 8-க்குப் பிந்திய சித்திரவதைக் குற்றச்சாட்டுகள் மட்டும் நின்றன, பழையவை பெரும்பாலும் உதிர்ந்தன.

சிங்கப்பூர் அந்த உடன்படிக்கையில் இல்லை. மலேசியாவும் இல்லை. எனவே சிங்கப்பூரில் புகார் கொடுத்தவர்கள் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டத்தை நாடினார்கள். அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை: அது தண்டிக்கும் 'கடும் மீறல்கள்' நாடுகளுக்கு இடையிலான போருக்கு உரியவை, இலங்கையில் நடந்ததோ உள்நாட்டுப் போர். என் கணிப்பில் அவரைக் காத்தது விலக்குரிமையைவிட இந்தச் சட்ட வெற்றிடம்தான். கே.எல்.ஐ.ஏ.வில் இறங்கியிருந்தாலும் இதே கதைதான், நம்முடைய 1962-ஆம் ஆண்டுச் சட்டமும் அதே வார்ப்பு.

'ஹேக்குக்கு அனுப்பியிருக்கலாமே' என்பார்கள். அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சாசனம், 27-ஆம் விதிப்படி, பதவியைப் பார்ப்பதில்லை, உண்மை. ஆனால் இலங்கை உறுப்பு நாடல்ல. இலங்கை தானே சம்மதித்தாலன்றி, ஐ.நா. பாதுகாப்பு மன்றம் சூடானின் டார்ஃபூர் விவகாரத்தை 2005-இல் அனுப்பியதுபோல் அனுப்பினால்தான் வழக்கே தொடங்கும்.

மலேசியா 2019 மார்ச்சில் அந்தச் சாசனத்தில் சேர்ந்து, அது நமக்கு நடைமுறைக்கு வருமுன்பே ஏப்ரலில் பின்வாங்கியது. மாமன்னரை ஹேக்குக்கு இழுப்பார்கள் என்ற பயம் கிளப்பப்பட்டது. 1993 முதல் நம் அரசமைப்பே, சட்டத்துறைத் தலைவர் ஒப்புதலோடு, ஆட்சியாளர்களைச் சிறப்பு நீதிமன்றத்தில் விசாரிக்க இடம் தருகிறது. உள்நாட்டு நீதிமன்றம் உண்மையாக விசாரித்தால் ஹேக் பொதுவாகத் தலையிடாது. இதை அப்போது உரக்கச் சொன்னவர்கள் குறைவு.

மலேசியா உறுப்பு நாடாகவே இருந்திருந்தாலும் முள்ளிவாய்க்காலுக்கு அது உதவியிராது. 2009-இல் இலங்கை மண்ணில், இலங்கையர் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகள் மலேசியா சேர்வதால் ஹேக்கின் வரம்புக்குள் வந்துவிடாது.