இட்லியில் இருப்பது அரைகுறைப் புரதமா?

என் அக்கா பையன் இரண்டு மாதமாக இட்லியைத் தொடுவதில்லை. ஜிம்மில் யாரோ சொன்னார்களாம், முட்டைப் புரதம்தான் முழுமையானது, அரிசி பருப்பில் இருப்பது அரைகுறை, உடம்பில் ஒட்டாது என்று. சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நம் உடம்பால் தானே தயாரித்துக்கொள்ள முடியாத அமினோ அமிலங்கள் ஒன்பது. அவற்றைச் சாப்பாட்டிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். முட்டை 'முழுமை' என்றால் மற்றதில் இந்த ஒன்பதில் சிலது இல்லவே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அரிசியிலும் ஒன்பதும் இருக்கின்றன, உளுந்திலும் இருக்கின்றன. பிரச்சினை விகிதத்தில்தான். சட்டை தைக்கிற இடத்தில் துணி மலைபோலக் கிடந்தாலும் பட்டன் தீர்ந்துவிட்டால் அதற்கு மேல் சட்டை வெளியே வராது இல்லையா, அந்தக் கதைதான். எந்த அமினோ அமிலம் தேவைக்கு மிகவும் குறைகிறதோ அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. மிஞ்சிய மற்றவற்றை உடம்பு பெரிதாகச் சேமித்து வைப்பதில்லை, எரித்துவிட்டு அதிலுள்ள நைட்ரஜனை யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும்.

முட்டையில் எதுவுமே குறைவதில்லை. யோசித்தால் இதில் ஆச்சரியமும் இல்லை. 21 நாளில் ஒரு முழுக் குஞ்சு, வெளியிலிருந்து ஒரு பருக்கை இரை கூட வராமல், உள்ளே இருப்பதை வைத்தே உருவாக வேண்டும்.

இதனால்தான் 1946இல் பிளாக், மிட்செல் என்ற இருவர் முட்டையையே அடிக்கோலாக எடுத்துக்கொண்டார்கள். ஓர் உணவின் புரதத்தில் ஒவ்வொரு அமினோ அமிலமும் எவ்வளவு என்று பார்த்து, முட்டையில் இருப்பதோடு ஒப்பிட்டு, எது மிகக் குறைந்த சதவீதமோ அதுவே அந்த உணவின் மதிப்பெண். சராசரி எல்லாம் கிடையாது, கடைசி ரேங்க் பாடம்தான் கணக்கு. (கொலாஜன் பவுடர் வாங்குகிறவர்கள் கவனிக்க: அது கிட்டத்தட்ட முழுக்கப் புரதம்தான், ஆனால் டிரிப்டோபான் அறவே இல்லை என்பதால் இந்தக் கணக்கில் அதன் மதிப்பெண் பூஜ்யம்.)

அரிசியில் குறைவது லைசின். ஒரு கிராம் முட்டைப் புரதத்தில் சுமார் 70 மில்லிகிராம் லைசின் என்றால் அரிசிப் புரதத்தில் 37தான். அதாவது அரிசிக்கு 53 மார்க், பெயில் ஆகாத குறை. ஆனால் முட்டை கோழிக்குஞ்சுக்காக ஆனது, மனிதனுக்கு அவ்வளவு தேவையா? பிற்பாடு இதே கேள்வி எழுந்து, முட்டையை விட்டுவிட்டு மனிதனின் தேவையையே அளவுகோலாக வைத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அறிக்கைப்படி பெரியவர்களுக்குப் புரதத்தில் கிராமுக்கு 45 மில்லிகிராம் லைசின் இருந்தால் போதும். இப்போது அதே அரிசிக்கு 82 மார்க்! அரிசி மாறவில்லை, கோல் மாறியது.

சரி, இட்லி மாவுக்கு வருவோம். 400 கிராம் அரிசிக்கு 100 கிராம் உளுந்து. எடையில் நாலுக்கு ஒன்று, ஆனால் புரதத்தில் அப்படி இல்லை, அரிசியிலிருந்து 30 கிராம் போல வந்தால் உளுந்திலிருந்தே 23 வந்துவிடும். உளுந்துப் புரதத்தில் கிராமுக்கு 66 போல லைசின். இரண்டையும் கூட்டி வகுத்தால் கிராமுக்கு ஏறக்குறைய 50, அளவுகோலைத் தாண்டியாயிற்று. உளுந்தில் குறைச்சலான மெத்தியோனினையும் சிஸ்டீனையும் அரிசி பார்த்துக்கொள்கிறது. இரண்டும் ஒரே தட்டில் இருந்தாக வேண்டும் என்றும் இல்லை, ஒரு நாளைக்குள் வந்து சேர்ந்தால் போதும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. சாப்பிட்டதெல்லாம் செரிக்காது. இப்போதைய முறைகளில் அதையும் கழித்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். தானியமும் பருப்பும் முட்டை அளவுக்குச் செரிப்பதில்லை, அதைக் கழித்தால் வெறும் இட்லியின் லைசின் அந்த 45 மில்லிகிராமுக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும், சாம்பாரில் உள்ள துவரம்பருப்பு அதைத் தூக்கிவிடும். இதே காரணத்தால்தான் பச்சை முட்டையை உடைத்துக் குடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பெல்ஜியத்தில் 1998இல் வெளியான ஓர் ஆய்வில், வேகவைத்த முட்டையின் புரதம் 91 சதவீதம் செரித்தது, பச்சை முட்டையில் 51 சதவீதம்தான்.

இட்லியின் உண்மையான குறை தரத்தில் இல்லை, அளவில். நாலு இட்லி சாப்பிட்டால் சுமார் 8 கிராம் புரதம் கிடைக்கும், ஒரு முட்டையிலேயே 6 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 50 கிராம் வேண்டும், அதை இட்லியிலேயே எடுப்பதென்றால் 25 இட்லி ஆகும். அதனால் அவனிடம் முட்டையை விடச் சொல்லவில்லை, இரண்டு முட்டையோடு நாலு இட்லியும் வைத்துக்கொள், சாம்பாரைக் கொஞ்சம் கெட்டியாக ஊற்றிக்கொள் என்றேன். யூடியூபில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் மாமா என்கிறான்.