‘அவசரம்’ என்று எழுதினால் ஆயிற்றா?

நேற்றிலிருந்து அந்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். "அவசரம் சார், வெண்டர் சரக்கை நிறுத்திட்டார், இன்னிக்கே பேமெண்ட் போடணும்." அதற்கு ஃபைனான்ஸ் ஹெட் கேட்டது: "எந்த பில்?" உடனே அவர் கையெழுத்துப் போட மனசு வராத ஆளாகிவிட்டார்.

பேமெண்ட் பிரிவில் குப்பை கொட்டுகிறவன் கேட்கிறேன், அவர் கேட்டதில் என்ன தப்பு? பில் நம்பர் இல்லை, பர்ச்சேஸ் ஆர்டர் என்கிற பிஓ நம்பர் இல்லை, தொகைகூட இல்லை. வியாழக்கிழமை எல்லா பில்லுக்கும் மொத்தமாகப் பணம் போடும் வழக்கமான ரன் இருக்கிறதே, அதுவரை ஏன் பொறுக்க முடியாது என்றும் இல்லை. அவசரம் உங்களுக்கு, பதில் சொல்ல வேண்டியது அவர்.

இப்படி எழுதியிருக்கலாம்:

"பேக்கிங் பெட்டி சப்ளையரின் இன்ன நம்பர் பில்லில், பாதித் தொகையை மட்டும் இன்று மதியம் 2 மணிக்குள் விடுவிக்க ஒப்புதல் வேண்டும். பில், பிஓ, சரக்கு வரவுச் சீட்டு மூன்றும் ஒத்துப்போகின்றன, இணைத்திருக்கிறேன். வரவுச் சீட்டு தாமதமாகப் பதிவானதால் போன ரன்னில் விடுபட்டது. கையிருப்பு நாளை செவ்வாயோடு தீர்கிறது. வியாழன் பணம் போனால் பெட்டி வெள்ளிதான் வரும், இரண்டு நாள் டிஸ்பாட்ச் நிற்கும். பாதி கிடைத்தால் இன்றே லோடு ஏற்றுவதாக சப்ளையர் எழுதித் தந்திருக்கிறார். மீதி வியாழன் ரன்னில். வங்கிக் கணக்கில் மாற்றமில்லை."

அவ்வளவுதான். மீட்டிங்கில் இருந்தாலும் போனிலேயே படித்து ‘சரி’ என்று தட்டிவிடலாம். முழுத்தொகை கேட்காமல் பாதி கேட்டதே அவர் பாதி மனதை மாற்றிவிடும்.

"இதையெல்லாம் எழுத நேரம் எங்கே?" என்பீர்கள். அப்புறம் சாயங்காலம் வரை கேள்விக்கு ஒரு பதிலாக அனுப்பிக்கொண்டிருக்க மட்டும் நேரம் இருந்ததாக்கும்.

"எல்லாம் கொடுத்தாலும் இழுத்தடிக்கிற ஹெட் இருக்கிறாரே?" இருக்கிறார். அது வேறு கதை.

"எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?" இதுதான் எனக்குச் சுருக்கென்று தைக்கிறது. நம்பித்தான் ஒருமுறை பணம் போனது. போன் மேல் போன் போட்டு, மேலிடத்தில் சொல்லி, பில் நம்பரே இல்லாமல் வாங்கிக்கொண்டு போனார்கள். நம்பர் இல்லாததால் அது அட்வான்ஸாக ஏறியது. பில் பாட்டுக்கு சிஸ்டத்தில் நிலுவையாகவே நின்றது. அடுத்த ரன் அதை எடுத்து மறுபடியும் முழுசாகக் கட்டிவிட்டது. கூடுதலாகப் போனதைத் திரும்ப வாங்க மாதக்கணக்கில் சப்ளையரிடம் கெஞ்சியது நான். ஆடிட்டர் முன்னால் ஃபைலோடு நின்றதும் நான்தான். அன்று போன் போட்டவர் காபி குடிக்கும் இடத்தில் "அக்கவுண்ட்ஸ்காரங்களுக்கு ஒரு வேலையும் உருப்படியா வராது" என்றார். காதில் விழுந்தது. சிரித்துவைத்தேன்.

ஆகவே மகாஜனங்களே, தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அடுத்த தடவை சரக்கு நின்றதும் "அண்ணே, நீங்க கொஞ்சம் சொல்லி வாங்கிக் கொடுங்க" என்று இன்பாக்ஸில் வராதீர்கள். வந்தால் நானும் எந்த பில் என்றுதான் கேட்பேன்.