410 வரைக்கும் தாங்குமா?

"E250 ஸ்டீல் 410 MPa வரை தாங்கும், 160 MPa ஸ்ட்ரெஸ் வந்தா சேஃப்டி 2.5 இருக்கு."

இது தப்புங்க. 410ங்கறது ஸ்ட்ரெஸ்-ஸ்ட்ரெயின் கர்வோட உச்சி, அதுக்கு ரொம்ப முன்னாடியே கம்பி நிரந்தரமா நீண்டு போயிருக்கும். முதல்ல கர்வோட ஆரம்பத்துல இருக்கற நேர்கோட்டைப் பாருங்க, ஸ்ட்ரெஸ் 200 MPa இருக்கும்போது ஸ்ட்ரெயின் 0.001, வகுத்தா 200 GPa, அதான் மாடுலஸ். இதை நேர்கோட்டுல மட்டும்தான் எடுக்கணும், உச்சியில வகுத்தா கண்டபடி வரும். கோடு சுமார் 250ல படுத்துடும், அதான் யீல்டு. அந்த இடத்துல 1 மீட்டர் கம்பி 1.25 மி.மீ. நீண்டிருக்கும், லோடை எடுத்தா பழையபடி திரும்பிடும், ஆனா அதுக்கப்புறம் லோடு ஏறாமலே 10 மி.மீ.க்கு மேல இழுத்துக்கிட்டுப் போகும், திரும்பவே திரும்பாது. அதனால யீல்டை வச்சுப் பார்த்தா 250/160, சேஃப்டி வெறும் 1.56தான். படுக்கைக் கோடே தெரியாத ஸ்டீல்னா 0.002 ஸ்ட்ரெயின்லருந்து நேர்கோட்டுக்கு இணையா கோடு போடுங்க, கர்வை வெட்டுற இடம்தான் யீல்டு.